எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? பீடோங்கிலிருந்து காணொளி போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீடோங், சுங்கைப்பட்டாணி, சுற்றியுள்ள தோட்டங்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்து யூடியூபில் காணொளி போடுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கோயில் திருவிழா, சமையல், பழைய லயத்து வாழ்க்கை என்று ஆளுக்கு ஒரு சரக்கு. பார்ப்பவர்களில் பாதிப் பேர் இங்கே இருக்கிறார்கள். மீதிப் பேர் சிங்கப்பூர், தமிழ்நாடு, வளைகுடா, லண்டன், டொரொண்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை வைத்து என்னிடம் வந்த கேள்விகளும் பதில்களும்தான் கீழே. ஊர் பெயர் சொல்லாத இடத்தில் மணி என்றால் மலேசிய மணி.

"அக்கா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. என்னைக்கு, எத்தனை மணிக்குப் போடட்டும்?"

சனிக்கிழமை இரவு 9:30.

அப்போது சிங்கப்பூரிலும் அதே 9:30தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாலை 7 மணி. துபாயில் 5:30, கத்தார், குவைத், சவூதியில் 4:30. லண்டனில் கோடையில் பிற்பகல் 2:30, குளிர்காலத்தில் 1:30. டொரொண்டோவில் கோடையில் காலை 9:30, குளிர்காலத்தில் 8:30. ஆஸ்திரேலியாவைத் தவிர எங்கேயும் ஆள் தூங்கவில்லை, எல்லா ஊரிலும் இன்னும் சனிக்கிழமைதான். இந்த இரண்டும் ஒன்றாக அமைகிற நேரம் வாரத்தில் அதிகம் கிடைக்காது.

"வீட்டுல எல்லாரும் எட்டு மணிக்கே இருக்காங்களே, ஒன்பதரை ஏன்?"

வீட்டில் இருப்பதும் கையில் போனோடு சும்மா உட்கார்ந்திருப்பதும் வேறு வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

உங்கள் பார்வையாளர் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்த்து 50, தமிழ்நாடு 25, வளைகுடா 10, பிரிட்டன் 10, கனடா 5. இது எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் சொந்தக் கணக்கு யூடியூப் ஸ்டூடியோவில் `Geography` என்ற இடத்தில் இருக்கும். ஒவ்வோர் ஊரும் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓய்வாக இருந்தால் முழு எண், அரைகுறையாக இருந்தால் பாதி, வேலையிலோ தூக்கத்திலோ இருந்தால் சைபர்.

சனி இரவு 8 மணி: இங்கே 50. தமிழ்நாட்டில் மாலை 5:30, கடைத்தெருவுக்குக் கிளம்புகிற நேரம், பாதி போட்டால் 12.5. வளைகுடா பாதி, 5. லண்டனில் நடுப்பகல், 10. டொரொண்டோவில் கோடையில் காலை 8, எழுந்தும் எழாமலும், 2.5. மொத்தம் 80.

சனி இரவு 9:30: இங்கே 50, தமிழ்நாடு 25, வளைகுடா 5, லண்டன் 10, டொரொண்டோ 5. மொத்தம் 95.

சனி இரவு 11: தமிழ்நாட்டுக்கு 8:30, வளைகுடாவுக்கு மாலை, லண்டனுக்கு 4 மணி, டொரொண்டோவுக்கும் காலை 11. அங்கெல்லாம் முழுசாக 50 கிடைக்கும். ஆனால் இங்கே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள், 25தான். மொத்தம் 75.

முழு, பாதி, சைபர் என்று நான் போட்டது என் ஊகம். உங்கள் ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பாதிப் பேர் இருக்கிற ஒரு தம்பிக்கு இதே கணக்கில் 9 மணி வந்தது. ஒரு ஊரில் சும்மா இருக்கும் நேரத்தைத் தேடாமல் எல்லா ஊரையும் கூட்டிப் பார்ப்பதுதான் இதில் விஷயம்.

"நம்ம கெடாவுல வெள்ளியும் சனியும்தானே லீவு? வெள்ளி ராத்திரி போட்டா என்ன?"

நல்ல கேள்வி. கோலாலம்பூர்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கெடா, கிளாந்தான், திரங்கானுவில் அரசாங்க அலுவலகமும் பள்ளியும் வெள்ளி, சனி மூடியிருக்கும், ஞாயிறு திறக்கும். ஜொகூரும் 2014 முதல் அப்படித்தான் இருந்தது, 2025 ஜனவரியில் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலோர் பேராக், சிலாங்கூர், பினாங்கு பக்கம். அங்கே சனி, ஞாயிறுதான். ஆகவே பீடோங்கில் சனி இரவு என்பது மறுநாள் பள்ளிக்குப் புத்தகப் பை அடுக்குகிற இரவு. ஒரு மணி நேரம் காரில் போனால் பினாங்கில் அதே இரவு கவலையில்லாத இரவு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான முழு விடுமுறை சனிக்கிழமை ஒன்றுதான்.

வளைகுடாவிலும் இதே கதை. கத்தார், குவைத், சவூதியில் வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. அங்கேயும் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிதான். கட்டுமான வேலை, கடை வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. அவர்கள் லீவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வெள்ளி இரவு 9:30 மோசமில்லை. இங்கே மறுநாள் லீவு, சிங்கப்பூரிலும் லீவு. ஆனால் லண்டனில் வெள்ளி பிற்பகல், டொரொண்டோவில் வெள்ளி காலை. ஆட்கள் வேலையில் இருப்பார்கள். உங்களுக்கு அந்தப் பக்கம் பத்தில் ஒருவர்கூட இல்லையென்றால் தாராளமாக வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் கெடாவுக்கு மட்டும் போடுகிற கோயில் அறிவிப்பை வியாழன் இரவே போட்டுவிடுவேன்.

"தோட்டத்துல வேலை செய்றவங்க ஒன்பதரைக்குத் தூங்கிடுவாங்களே?"

ஆமாம். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அவர்களுக்கு 9:30 நடுச்சாமம். அவர்கள் பார்ப்பது வேலை முடிந்து, சாப்பிட்டு, சற்று சாய்ந்திருக்கிற பிற்பகலில். அதாவது மறுநாள். சனி இரவு போட்ட காணொளி ஞாயிறு பிற்பகல் அவர்கள் கையில் இருக்கும், அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் காணொளியே தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் என்றால் பிற்பகல் 3 மணிக்குப் போடுங்கள். அது தமிழ்நாட்டுக்கு நண்பகல் 12:30. அங்கேயும் சாப்பாட்டு வேளை நெருங்கும்.

"சென்னையில ஒருத்தர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போடணும்னு சொல்றாரே, அவருக்கு லட்சக்கணக்குல பார்க்கிறாங்க."

அவர் சொல்வது அவர் கடிகாரத்தின்படி சரி. அவருடைய 6 மணி நமக்கு 8:30. அதை அப்படியே எடுத்து இங்கே மாலை 6-க்குப் போட்டால் தமிழ்நாட்டில் பிற்பகல் 3:30, லண்டனில் காலை 11 அல்லது 10, டொரொண்டோவில் விடியற்காலை 6 அல்லது 5. இணையத்தில் 'சிறந்த நேரம்' என்று யார் எழுதியிருந்தாலும் அது எந்த ஊர் மணி என்று முதலில் பாருங்கள். இந்திய மணியென்றால் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

"லண்டன்ல இருக்கிற என் தங்கச்சி 'இப்பல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி வருது'ங்கிறா. நான் ஒண்ணும் மாத்தலையே?"

நீங்கள் மாற்றவில்லை, அவள் ஊர் கடிகாரத்தை மாற்றியது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை, வளைகுடா நாடுகள் எதுவும் கோடைக்காக மணியைத் தள்ளுவதில்லை. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே வைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கும். கனடாவும் அமெரிக்காவும் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிக்கும். ஆகையால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் கனடா மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லண்டன் மாறிவிடும், கனடா மாறியிருக்காது.

நினைவில் வைத்துக்கொள்ள சுலபமான வழி: கோடையில் டொரொண்டோ நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னே. அதே எண்தான், இரவுக்குக் காலை. குளிர்காலத்தில் 13 மணி நேரம். லண்டன் கோடையில் 7, குளிர்காலத்தில் 8.

காணொளியின் நேரத்தை இதற்காக மாற்ற வேண்டாம். குளிர்காலத்தில் டொரொண்டோவில் 8:30 ஆகிறது, சனிக்கிழமையாக இருப்பதால் கொஞ்சம் முந்தியதுதான், ஆனாலும் கெட்டுப் போகவில்லை. அவர்களுக்காக 10:30-க்குத் தள்ளினால் இங்கே இழப்பது அதிகம். நேரலைக்கு மட்டும்தான் அறிவிப்பில் மணியைத் திருத்த வேண்டும்.

"ஸ்டூடியோவுல ஊதா கட்டம் எந்த நேரத்துல கருகருன்னு இருக்கோ அப்ப போட்டா போதும்னு சொல்றாங்க. அதை நம்பலாமா?"

நீங்கள் சொல்வது `Audience` பக்கத்தில் உள்ள `When your viewers are on YouTube` என்ற வரைபடம். கடந்த 28 நாளில் உங்கள் பார்வையாளர்கள் யூடியூபில் எந்தக் கிழமை, எந்த மணியில் அதிகம் இருந்தார்கள் என்று உங்கள் ஊர் நேரத்தில் காட்டும். பயன்படும் சமாசாரம்தான். ஆனால் அதில் இரண்டு விஷயம் மறைந்திருக்கிறது.

ஒன்று, அது எல்லா நாட்டையும் ஒன்றாகக் கலக்கிக் காட்டும், நாடுவாரியாகப் பிரிக்காது. பாதிப் பேர் மலேசியாவில் இருந்தால் மலேசியாவின் இரவுதான் அடர்ந்து நிற்கும். லண்டன்காரர் என்ன செய்கிறார் என்பது அதில் அமுங்கிப்போகும். இரண்டு, அவர்கள் யூடியூபில் இருந்த நேரம் அது. உங்கள் காணொளிக்கு மனம் ஒதுக்குகிற நேரம் என்று அர்த்தமில்லை. பஸ்ஸில் பாட்டுக் கேட்பவர்களும் அதில் சேர்த்திதான்.

இன்னொரு விஷயம், யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்வது: வெளியிடும் நேரம் ஒரு காணொளியின் நீண்டகால ஓட்டத்தை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை. எனவே வருஷக்கணக்கில் தேடிப் பார்க்கப்படும் சொதி, அச்சு முறுக்கு செய்முறைக்கெல்லாம் நேரத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. முதல் நாளில் ஓடித் தீரவேண்டிய விஷயங்களுக்கு, அதாவது திருவிழா, நேரலை, பிரிமியர், அறிவிப்பு போன்றவற்றுக்கு, நேரம்தான் பாதி வேலை.

"மாலை நாலு மணியிலிருந்து ஒன்பதரைக்கு மாத்தினேன். முதல் நாள் பார்வை குறைஞ்சுடுச்சு. உங்க நேரம் சரியில்லையோ?"

குறைந்தது பார்வை அல்ல, அந்த 'நாளின்' நீளம். யூடியூப் தன் கணக்கில் ஒரு நாளை அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி தொடங்கி முடிக்கிறது. நமக்கு அது கோடையில் பிற்பகல் 3 மணி, குளிர்காலத்தில் 4 மணி. கோடையில் மாலை 4-க்குப் போட்ட காணொளிக்கு முதல் 'நாளில்' 23 மணி நேரம் கிடைக்கும். இரவு 9:30-க்குப் போட்டதற்குப் பதினேழரை மணி நேரம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்னது தோற்றதுபோலத் தெரியும்.

ஒப்பிடுவதானால் வெளியிட்டதிலிருந்து முதல் 24 மணி நேரத்தை எடுங்கள். அதிலும் ஒரே மாதிரிக் காணொளிகளை மட்டும் ஒப்பிடுங்கள். திருவிழாவையும் ரசத்தையும் ஒப்பிட்டால் நேரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பழைய நேரத்தில் நாலு, புதிய நேரத்தில் நாலு என்று ஒரு மாத இடைவெளியில் போடுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தைத் தவிருங்கள். மொத்த எண்ணைப் பார்க்காமல் `Geography`யில் இந்தியா, ஐக்கிய இராச்சியம், கனடா வரிகளை மட்டும் பாருங்கள். மலேசிய வரி அப்படியே இருக்க, இந்திய வரி மட்டும் ஏறினால் நேரம் வேலை செய்கிறது என்று அர்த்தம். எல்லா வரியும் சேர்ந்து ஏறினால் அது அந்தக் காணொளியின் ராசி. உங்களுக்கு முதல் நாளில் வருவதே இருநூறு பேர் என்றால் பத்துப் பதினைந்து பேர் கூடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

"ஆஸ்திரேலியாவுல இருக்கிறவங்களை என்ன பண்றது?"

சிட்னியும் மெல்பர்னும் நமக்கு முன்னே ஓடுகின்றன. நம் 9:30 அங்கே இரவு 11:30, அவர்கள் கோடையில் 12:30. அவர்கள் ஞாயிறு காலை காப்பியோடு பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள். ஆஸ்திரேலியாவும் கனடாவும் இரண்டும் பெரிதாக இருக்கிற பக்கத்துக்கு ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது.

"தீபாவளி வாழ்த்து ராத்திரி பன்னிரண்டுக்கே போட்டுடலாமா?"

நமக்குத்தான் அப்போது தீபாவளி பிறக்கும். தமிழ்நாட்டில் முந்தின நாள் இரவு 9:30, டொரொண்டோவில் முந்தின நாள் நண்பகல் வாக்கில். உங்கள் படத்தில் 'இன்று தீபத் திருநாள்' என்று எழுதியிருந்தால் அங்கே இன்னும் அரை நாள் பாக்கி. காலை 8:30-க்குப் போடுங்கள். இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிந்திருக்கும், தமிழ்நாட்டில் காலை 6 மணி. கனடாவுக்கு அப்போதும் முந்தின இரவுதான், ஆனால் வாழ்த்து சற்று முன்னே வருவது தப்பில்லை. 'இன்று' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

முறுக்கு, நெய் உருண்டை செய்முறையெல்லாம் தீபாவளிக்கு இரண்டு சனி முன்னே போய்விட வேண்டும். அந்த வாரத்தில் போட்டால் மாவு ஏற்கெனவே பிசைந்தாயிற்று. அதுபோல, புரட்டாசிச் சனிக்கிழமையில் ஆட்டுக்கறி பிரட்டல் போடாதீர்கள். எந்த மணிக்குப் போட்டாலும் திட்டுதான் விழும்.

"திருவிழா நேரலைக்கு 'இன்று இரவு 9:30' என்று போட்டோம். பாதிப் பேர் முடிஞ்சப்புறம் வந்தாங்க. என்ன தப்பு?"

'இன்று இரவு' யாருடையது என்று எழுதவில்லை. சென்னைக்காரர் 9:30 என்று படித்து அவர் ஊர் 9:30-க்கு வருவார். அது நமக்கு நள்ளிரவு, சாமி கோயிலுக்குள் போயிருக்கும். தேதியும் ஊரும் சேர்த்து இப்படி எழுதுங்கள்:

```
சனி, மே 9
மலேசியா, சிங்கப்பூர்: இரவு 9:30
தமிழ்நாடு, இலங்கை: மாலை 7:00
துபாய்: மாலை 5:30
லண்டன்: பிற்பகல் 2:30
டொரொண்டோ: காலை 9:30
```

படத்தில் மட்டும் போட்டு விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் முன்னே அனுப்பும்போது படம் போய், எழுத்து மட்டும் சுற்றுவது உண்டு, சில சமயம் அதற்கு நேர்மாறும் நடக்கும். இரண்டிலும் எழுதுங்கள். யூடியூபில் முன்கூட்டியே நேரலையைப் பதிந்து வைத்தால் பார்ப்பவர் பக்கத்தில் அவரவர் ஊர் நேரம் தானாகவே காட்டும். அந்தச் சுட்டியை அனுப்புவது எல்லாவற்றிலும் நல்லது.

"சனி ராத்திரி எனக்கு ஃபேக்டரியில நைட் ஷிப்ட். ஒன்பதரைக்கு யார் போடுறது?"

யாரும் போட வேண்டாம். `Schedule` என்று இருக்கிறதே, அதில் தேதியும் மணியும் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். அங்கே நேர வலயம் மலேசியாவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அண்ணன் மடிக்கணினியிலிருந்து ஏற்றினால் அவர் ஊர் நேரம் விழுந்துவிடக்கூடும்.

நீங்கள் கையாலேயே 9:30-க்குப் போடுபவராக இருந்தாலும், முன்கூட்டி ஏற்றுவதுதான் நல்லது. யூடியூப் முதலில் மங்கலான பிரதியைத்தான் தயாரிக்கும், தெளிவான பிரதிகள் பின்னால் வரும். நீளமான காணொளி என்றால் இதற்கு மணிக்கணக்கு ஆகும். 9:25-க்கு ஏற்றி 9:30-க்கு வெளியிட்டால் முதலில் ஓடி வருகிற ஆட்கள், அதாவது நீங்கள் இத்தனை கணக்குப் போட்டுப் பிடித்த ஆட்கள், தேர் வடத்தைக்கூடப் பார்க்க முடியாத மங்கலில் பார்ப்பார்கள். சனி காலையிலேயே ஏற்றி, தெளிவான பிரதி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, நேரத்தை வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவுக்குச் சுட்டி அனுப்புகிற வேலையைத்தான் யாராவது செய்ய வேண்டும். அதை எல்லாக் குழுவுக்கும் 9:30-க்கே அனுப்பாதீர்கள். ஊர்க் குழுவுக்கு 9:30, துபாய்க் குழுவுக்கு அவர்கள் ஊர் இரவு 9 மணி, அதாவது நமக்கு அதிகாலை 1 மணி. நைட் ஷிப்டில் இடைவேளை அந்த நேரத்துக்கு வந்தால் அதை நீங்களே அனுப்பலாம்.